கீல் ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா? பலகையைப் பார்த்துத் துளை போடும் முறை

சிங்கப்பூரின் வீவக வீட்டுச் சமையலறைகளில் அடிக்கடி வரும் புகார் இது. அலமாரிக் கதவு ஒரு பக்கம் தொங்கும், மூடும்போது பக்கத்துக் கதவில் உரசும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து முறுக்கினால் ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே கடைக்குப் போய் இன்னும் நீளமான ஸ்க்ரூ வாங்கிவருவார்கள். அது பலகையின் மறுபக்கம் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். ஆனால் இங்கே கோளாறு பெரும்பாலும் நீளத்தில் இருக்காது. துளையின் அளவிலும், அந்தத் துளை எந்தப் பலகையில் இருக்கிறது என்பதிலும்தான் இருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பலகை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் லாமினேட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, எல்லாப் பலகைக்கும் அதே முகமூடிதான். கதவின் உள்பக்கம் கீலின் கிண்ணம் உட்கார்ந்திருக்கும் 35 மி.மீ. வட்டக் குழியைப் பாருங்கள். குழியின் சுவரில் ரவை ரவையாகத் துகள்கள் தெரிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு, நம் கடைகளில் சிப்போர்டு என்பார்கள். வெளிர், கருமை, வெளிர் என்று அடுக்குக் கோடுகள் தெரிந்தால் பிளைவுட். ஒரே திசையில் நார் ஓடினால் மரம். துளை போடும்போது விழுவதும் சாட்சி சொல்லும். சிப்போர்டு மாவாகக் கொட்டும், கடின மரம் சுருள் சுருளாக வரும்.

துளை அளவை எதை வைத்து முடிவு செய்வது

ஸ்க்ரூவில் இரண்டு தடிமன் உண்டு. மரையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் ஒன்று, மரைக்கு உள்ளே இருக்கும் நடுத்தண்டை மட்டும் அளந்தால் இன்னொன்று. பெட்டியில் அச்சிட்டிருப்பது வெளி அளவு. முன்துளையை முடிவு செய்வது நடுத்தண்டு. வழக்கமான 3.5 மி.மீ. சிப்போர்டு ஸ்க்ரூவின் தண்டு சுமார் 2.2 மி.மீ., 4 மி.மீ. ஸ்க்ரூவுக்குச் சுமார் 2.5. கடைக்காரர் 6-ஆம் நம்பர் என்றால் 3.5 மி.மீ. என்றும், 8-ஆம் நம்பர் என்றால் 4.2 மி.மீ. என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அளவுகோல் இல்லாவிட்டால் டிரில் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிட் தண்டை மறைக்க வேண்டும், இரு பக்கமும் மரை மட்டும் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். மரையும் மறைந்தால் பிட் பெரிது. தண்டு வெளியே தெரிந்தால் பிட் சிறிது.

அந்த அளவிலிருந்து பலகைக்கு ஏற்றபடி கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டும். கடின மரம் நசுங்கிக் கொடுக்காது. தண்டுக்கான இடத்தை முழுதாகக் குடைந்துவிட வேண்டும், தண்டை விடச் சற்றுப் பெரிதாகவே இருக்கலாம். சிப்போர்டின் தட்டைப் பரப்பில் தண்டின் அளவிலோ, அதை விடச் சற்றுச் சிறிதாகவோ துளை வேண்டும், துகள்கள் நெருங்கி மரையைப் பிடித்துக்கொள்ளும். பிளைவுட் பரப்பும் அப்படியே. ஆகவே அதே 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு சிப்போர்டிலும் பிளைவுட்டிலும் 2 மி.மீ. பிட், கடின மரத்தில் 2.5 மி.மீ. பிட். 4 மி.மீ. ஸ்க்ரூவானால் பலகைகளில் 2.5, கடின மரத்தில் 3. இந்த அரை மில்லிமீட்டரில்தான் பாதிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது.

அறிகுறி: சிப்போர்டில் ஸ்க்ரூ சுற்றுகிறது, இறுகவில்லை

முதலில் காரணம். சிப்போர்டின் மேற்பரப்பு நெருக்கமானது, நடுப்பகுதி தளர்வானது. மரை அந்தத் துகள்களுக்கு இடையே ஒரு வழி வெட்டிக்கொண்டு நிற்கிறது. தலை தகட்டில் உட்கார்ந்த பிறகும் இன்னும் அரைச் சுற்று முறுக்கினால் அந்த வழியே அறுந்துவிடும், துகள்கள் தூளாகும். மரத்தைப் போல மறுபடி பிடிக்க அங்கே நார் கிடையாது. மின்சார டிரில்லின் முறுக்கு வளையத்தை உச்சத்தில் வைத்துப் பூட்டியவர்களின் அலமாரிகள் ஓர் ஆண்டுக்குள் தொங்குவது இதனால்தான். வளையத்தை மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால் முறுக்குங்கள், தலை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இம்பாக்ட் டிரைவரைச் சிப்போர்டு பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கதவின் எடைதான் ஸ்க்ரூவை இழுத்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவு 450 மி.மீ. அகலம், 720 மி.மீ. உயரம், 18 மி.மீ. சிப்போர்டு என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 4 கிலோ. இரண்டு கீல்களுக்கும் இடையே 520 மி.மீ. தூரம். கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 4 × 225 ÷ 520, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. சரியாகப் போட்ட ஸ்க்ரூவுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் கதவு முழுதாகத் திறந்து கீல் முட்டிய பிறகு, கைப்பிடியைப் பிடித்து இன்னும் 5 கிலோ விசையில் தள்ளினால் கதை வேறு. கைப்பிடி கீலிலிருந்து 430 மி.மீ. தள்ளி இருக்கிறது. கீல் தகடு நெம்பும் இடமோ 30 மி.மீ. அளவுதான். விசை 14 மடங்காகி 70 கிலோ வரை போகும், இரண்டு கீல்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தொட்டிக்கு அடியில் குனிந்து காஸ் சிலிண்டரையோ குப்பைத் தொட்டியையோ இழுக்கும்போது முழங்கால் கதவைத் தள்ளுகிறதே, அந்தத் தள்ளல்தான் பிடுங்குகிறது. பழுது பார்த்த பிறகும் கதவு சுவரில் முட்டி நெம்பும்படி இருந்தால் அதே பழுது திரும்பவும் வரும்.

இப்போது அந்தக் கதவையே சரிசெய்வோம். பக்கப் பலகை 16 மி.மீ. சிப்போர்டு, கீலின் அடித்தகட்டை 3.5 × 16 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு பிடித்திருக்கின்றன. தகட்டின் தடிமன் 2 மி.மீ. ஆகவே ஸ்க்ரூ பலகைக்குள் 14 மி.மீ. இறங்குகிறது, மறுபக்கம் மிஞ்சுவது 2 மி.மீ. இதற்கு மேல் நீளத்துக்கு இடமே இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும். மறுபக்கம் 2 மி.மீ. பலகையாவது மிஞ்சாவிட்டால் லாமினேட் கொப்புளம் போலப் புடைக்கும்.

கதவைக் கழற்றுங்கள், ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. துளையின் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பழுது நிலைக்கும். மெத்தென்று அமுங்கினாலோ, பலகை உப்பித் தடித்திருந்தாலோ தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் கசியும் குழாயைப் பாருங்கள். உப்பிய சிப்போர்டு காய்ந்தாலும் பழைய நெருக்கம் திரும்பாது, அங்கே எந்த ஸ்க்ரூவும் நிற்காது. அப்படிப்பட்ட இடத்தில் கீலுக்கென்றே வரும் அகலமான எஃகுப் பழுதுத் தகட்டை வைத்து, ஓரத் துளைகள் வழியாகக் கெட்டியான பகுதியில் பூட்டலாம். பலகையே முழுவதும் உப்பியிருந்தால் பலகையைத்தான் மாற்ற வேண்டும்.

பலகை கெட்டி என்றால் மரக் குச்சி வைத்து அடைப்பதே எங்கள் முதல் தேர்வு. 8 மி.மீ. தடிமனில், பக்கத்தில் வரிக்கோடு போட்ட, டவல் என்ற கடின மரக் குச்சி பாக்கெட்டில் கிடைக்கும். நடுவில் கூர்முனை உள்ள 8 மி.மீ. மரப் பிட்டில், முனையிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள், முனை அதற்கு மேல் போனால் மறுபக்கம் தெரியும். பழைய துளையின் மையத்திலேயே குடைந்து, தூளை ஊதி எடுத்து, குழியின் சுவரில் வெள்ளை மரப்பசையைத் தடவி, டவலை மெல்லத் தட்டி இறக்குங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பசை மெதுவாகத்தான் காயும், ஒரு ராத்திரி விடுவது நல்லது. மறுநாள் துருத்தி நிற்பதை நுண்பல் ரம்பத்தால் அறுத்துச் சமப்படுத்துங்கள்.

அதன் பிறகு செய்வதில்தான் பலர் தவறுவார்கள். இப்போது ஸ்க்ரூ இறங்கப்போவது சிப்போர்டில் இல்லை, கடின மரத்தில். அதுவும் நாரின் நுனி வழியாக. முன்துளை 2 மி.மீ. போட்டால் டவல் பிளந்துவிடும். 2.5 மி.மீ. பிட், டவலின் நடுப்புள்ளியில், 12 மி.மீ. ஆழம். தகட்டை வைத்து மையத்தைப் பென்சிலால் குறித்து, ஆணி முனையால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் பிட் வழுக்காது. நாரின் நுனியில் பிடிப்பு, நாருக்குக் குறுக்கே இருப்பதை விடக் குறைவுதான். ஆனாலும் தூளாகிப்போன சிப்போர்டோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

இன்னொரு வழியும் உண்டு. ஐரோப்பிய அலமாரி ஸ்க்ரூ என்று தடித்த மரையும் மொட்டை முனையும் உள்ள 6.3 × 13 மி.மீ. ஸ்க்ரூ கிடைக்கும். 5 மி.மீ. துளை போட்டு நேரடியாக முறுக்கலாம், பசைக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய துளை 5 மி.மீ.-க்கு மேல் சிதைந்திருக்கக் கூடாது, உங்கள் கீல் தகட்டின் ஓட்டையும் அந்தத் தடிமனை ஏற்க வேண்டும். எல்லாத் தகடும் ஏற்காது, ஆகவே வாங்கப் போகும்போது தகட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.

தீக்குச்சியும் பல்குச்சியும் பசையோடு திணிப்பது மரத்திலும் பிளைவுட்டிலும் ஓரளவு பயன்படும். சிப்போர்டில் குச்சியைப் பிடிக்க வேண்டிய சுவரே உதிர்ந்து கிடக்கிறது என்பதால் சில மாதம்தான் ஓடும். சாத்தே குச்சி மூங்கில், வழவழப்பு அதிகம், ஸ்க்ரூவை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அது சாத்தேவுக்கே இருக்கட்டும்.

நல்ல துளையாக இருந்து ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடுவதானால் ஒரு பழக்கம் வேண்டும். துளையில் வைத்து முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். ‘டக்’ என்று ஒரு படி இறங்குவது கையில் தெரியும். அதுதான் பழைய மரை வழி. அங்கிருந்து முன்னோக்கி முறுக்கினால் புது வழி வெட்டாது. இதைச் செய்யாமல் நாலைந்து தடவை கழற்றிப் பூட்டினாலே சிப்போர்டு ஓய்ந்துவிடும்.

அறிகுறி: கடின மரத்தில் ஸ்க்ரூ பாதியில் முறிந்தது, அல்லது தலை வழுக்குகிறது

சிங்கப்பூர் வீடுகளில் கடின மரம் என்றால் பழைய கதவுச் சட்டங்களில் வரும் செங்கால், பாலாவ், பிறகு நம் பூஜை மாடத்துத் தேக்கு. செங்கால் என்றதும் நாரையின் காலை நினைக்க வேண்டாம், மலாய் மரம். காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும். இந்த மரத்தில் சின்ன முன்துளையில் ஸ்க்ரூவை ஏற்றினால் உராய்வு ஏறிக்கொண்டே போய், கடைசி அரை அங்குலத்தில் தலை முறிந்து கையோடு வரும்.

4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை போட்டால் மரை பிடிக்குமா என்று சந்தேகம் வரும். இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் மரை மரத்துக்குள் வெட்டுகிறது. அடர்ந்த நாரில் அது போதும். முக்கியமாகத் துளை ஸ்க்ரூ இறங்கும் முழு ஆழத்துக்கும் இருக்க வேண்டும். பாதி ஆழம் குடைந்தால் மீதிப் பாதியில்தான் முறிவு. நடுநடுவே பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள், இல்லாவிட்டால் சூடேறிப் புகையும். மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சோப்பு தேய்ப்பது பழைய வழக்கம், ஆனால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில் அது துருவுக்கு விருந்து.

கறுப்பு ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது ஜிப்சம் பலகைக்கானது. கடினப்படுத்திய எஃகு, வளையாமல் படக்கென்று ஒடியும். ஈரமான இடத்தில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். சாதாரண எஃகு ஈரத்தில் தேக்கையும் செங்காலையும் தொட்டால் கருநீலக் கறை இறங்கும். சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடம், குளியலறைக் கதவு போன்றவற்றில் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். ஆனால் ஸ்டெயின்லெஸ் மிருதுவானது. தலைப் பள்ளம் சீக்கிரம் தேயும். பிட் பள்ளத்துக்குள் அசையாமல் உட்காரும் அளவில் இருக்க வேண்டும், மெழுகும் தேவை.

பூஜை மாடத்துக் கதவில் பித்தளைக் கீலும் பித்தளை ஸ்க்ரூவும் வரும். பித்தளை இன்னும் மிருது. இங்கே முறை வேறு. 3.5 × 20 மி.மீ. பித்தளை ஸ்க்ரூவானால் 2.5 மி.மீ. முன்துளை போட்டு, அதே அளவு எஃகு ஸ்க்ரூவில் மெழுகு தடவி முதலில் முழுதாக இறக்குங்கள். அது மரை வழியை வெட்டிக் கொடுக்கும். அதைக் கழற்றிவிட்டு, பித்தளையைக் கையால் மட்டும் முறுக்குங்கள். எஃகும் பித்தளையும் மரையின் இடைவெளியில் ஒத்துப்போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல் பல்லோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளத்துக்கு ஒரு கணக்கு: கீலின் தடிமன் 1.5 மி.மீ., சட்டம் 30 மி.மீ. என்றால் 20 மி.மீ. ஸ்க்ரூ 18.5 மி.மீ. உள்ளே போகும். தடிமனில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டது, கடின மரத்தில் அதற்கு மேல் நீளம் தேடுவது முறியும் வாய்ப்பைத்தான் கூட்டும்.

ஏற்கெனவே முறிந்து உள்ளே நின்றுவிட்டால், தண்டு வெளியே 2, 3 மி.மீ. தெரிந்தாலும் பூட்டுக் குறடால் பிடித்து மெல்லத் திருப்பலாம். உள்ளேயே மறைந்துவிட்டால் அதைத் தோண்டிப் பெரிய குழி ஆக்குவதை விட, கீலை ஒரு விரல் அகலம் நகர்த்திப் புதுத் துளை போடுவது புத்திசாலித்தனம்.

வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் இதையெல்லாம் அதில் முயலாதீர்கள். கண்ட இடத்தில் துளையிட்டால் அதன் தீத்தடுப்புத் தகுதி போய்விடும்.

அறிகுறி: பிளைவுட்டின் ஓரம் வெடித்தது

பிளைவுட்டின் தட்டைப் பரப்பில் கீல் போட்டால் பெரிதாகத் தொல்லை இருக்காது. நார்கள் அடுக்குக்கு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் மரை நன்றாகக் கவ்வும். ஓரத்தில் போடும்போது கதை மாறுகிறது. ஸ்க்ரூ இரண்டு அடுக்குகளுக்கு இடையே ஆப்பு போல நுழைந்து பசையைப் பிரிக்கும். 18 மி.மீ. பலகையின் ஓரத்தில் 3.5 மி.மீ.-க்குத் தடித்த ஸ்க்ரூ வேண்டாம், முன்துளையும் 2 அல்ல, 2.5. நீளத்தில் இங்கே தாராளமாக 40 மி.மீ. எடுக்கலாம், ஓரத்தில் பிடிப்பு குறைவு என்பதை நீளம் ஈடுகட்டும். முறுக்கும்போது பலகையின் இரு முகங்களையும் கிளாம்பால் அழுத்திவையுங்கள். மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளியே முதல் ஸ்க்ரூ. சிப்போர்டின் ஓரத்துக்கும் இதே எச்சரிக்கைதான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, விரிசலைக் கத்தி முனையால் சற்றுத் திறந்து பசையை உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் தாளை இடையே வைத்து ஒரு ராத்திரி கிளாம்பில் விடுங்கள். பசை காய்ந்தபின் அதே துளையில் போடாமல் 20 மி.மீ. தள்ளிப் போடுங்கள்.

சில நேரம் பிளைவுட் பரப்பில் நன்றாக இறுகிக்கொண்டு வந்த ஸ்க்ரூ திடீரென்று லேசாகிவிடும். முன்துளை சரி, முறுக்கும் சரி என்றால் மலிவான பலகையின் உள்ளடுக்கில் இடைவெளி இருக்கிறது, ஸ்க்ரூ காற்றில் நிற்கிறது. ஒரு மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுப் பக்கவாட்டில் அசைத்தால் தெரிந்துவிடும். தகட்டை 15, 20 மி.மீ. நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் மேலே சொன்ன 8 மி.மீ. டவல் இங்கேயும் கைகொடுக்கும், பசையை மட்டும் கொஞ்சம் அதிகமாக ஊற்றுங்கள்.